கடை வெளிச்சம்

மாரியப்பனின் இடது கண் போனதில் எனக்குப் பங்கு உண்டு. யாரும் இதை என்மேல் சுமத்தவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் என் பெயர் இல்லை. ஆபீஸில் என்மேல் புகாரும் இல்லை. போதாக்குறைக்கு, கடைசியாக அவர் வீட்டில் நான் முடித்த வேலைக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கியிருக்கிறேன். ஊரில் நல்லவன் என்று பெயர் எடுப்பது எவ்வளவு லேசு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

என் பெயர் மாதேஷ். தர்மபுரியில் ஒரு சர்வீஸ் சென்டரில் பன்னிரண்டு வருஷமாக டிவி மாட்டுகிறேன். பென்னாகரம் பக்கம், அரூர் பக்கம், இண்டூர், மொரப்பூர் என்று பைக்கில் போய்ச் சுவரில் ஓட்டை போட்டு, தாங்கி வைத்து, டிவியைத் தொங்கவிட்டு, ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டு வரும் வேலை. இப்போது நான் எழுதப்போவது என்னைப் பற்றி அல்ல, மாரியப்பனைப் பற்றி. ஆனால் என்னை விட்டுவிட்டு அவர் கதையைச் சொல்ல வழியில்லை.

மாரியப்பன் முப்பத்தோரு வருஷம் கண்டக்டர். பாதி நாள் தர்மபுரி - அரூர், மீதி நாள் அரூர் - சேலம். மொரப்பூர் ஸ்டேஷனைத் தாண்டி மூன்று கிலோமீட்டரில் வீடு. முன்னால் ஒரு வேப்பமரம், பக்கத்தில் இரண்டு மாடு கட்டிய கொட்டகை, பின்னால் ஒரு ஏக்கர் மரவள்ளி. மனைவி தீர்த்தம்மாள். ஒரே மகள் கலைமதி பெங்களூரில் கம்பெனி வேலையில் இருக்கிறாள்.

அந்த ரூட்டில் போனவர்களுக்கு அவருடைய ஒரு பழக்கம் தெரியும். டிக்கெட் வாங்காமல் "எடுத்தாச்சு" என்று சொல்கிறவனை அவர் திட்டமாட்டார், காட்டச் சொல்லியும் கேட்கமாட்டார். அவன் முகத்தைப் பார்ப்பார். பிறகு பேசாமல் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார். பஸ் குலுங்கும், ஆள் ஏறும், இறங்கும், அந்தக் கை அப்படியே இருக்கும். அடுத்த ஸ்டாப்பிங் வருவதற்குள் அவன் பாக்கெட்டுக்குள் கையை விட்டுவிடுவான். முப்பத்தோரு வருஷத்தில் ஒரே ஒரு முறைதான் ஆள் தப்பு என்றும், அதுவும் ஒரு கல்யாண மாப்பிள்ளை, அவன் வேறு எதற்கோ பயந்துகொண்டிருந்தான் என்றும் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். கண்தான் அவருக்குப் பெருமை. கிழிந்த நோட்டு, கள்ள நோட்டு, கடைசி சீட்டில் கர்ப்பிணிக்கு இடம் கொடுக்காமல் தூங்குவது போல நடிக்கிறவன், எல்லாம் அந்தக் கண்ணுக்குத்தான் தெரிந்தது.

ஓய்வு பெறும்போது இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்தார்கள். இடது கண்ணிலும் புரை நன்றாக முற்றிவிட்டது, இரண்டு மாதத்தில் வந்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஆபரேஷன் ஆன பத்தாம் நாள் அவர் மகளோடு தர்மபுரிக்குப் போய் ஐம்பத்தைந்து இன்ச் டிவி வாங்கினார். பல வருஷம் மங்கலாகவே பார்த்தாயிற்று, இனிமேல் கபடியை ஆட்டக்காரனின் முகம் தெரியப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை.

மறுநாள் அதை மாட்டப் போனவன் நான்.

அந்த வேலையில் உள்ள ஒரு சங்கதியைச் சொல்லியாக வேண்டும். புது டிவியை முதல் முறை போட்டதும் மொழி கேட்கும், வைஃபை கேட்கும், பிறகு ஒரு கேள்வி கேட்கும்: இது வீட்டில் பயன்படுத்தவா, கடையில் பயன்படுத்தவா? வீடு என்று கொடுத்தால் படம் ஒரு அளவான வெளிச்சத்தில் வரும். கடை என்று கொடுத்தால் வெளிச்சமும் நிறமும் உச்சத்துக்குப் போய்விடும். கடையில் ட்யூப் லைட் வெளிச்சத்தில் இருபது டிவிகளுக்கு நடுவே தனியாகத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காகச் செய்த ஏற்பாடு அது. இன்னொன்றும் உண்டு. கடைக்கு வருகிறவன் ரிமோட்டை எடுத்து வெளிச்சத்தைக் குறைத்து, கூட்டி, கலைத்துவிட்டுப் போவான். அதனால் கடை முறையில் இருக்கும் டிவி சில நிமிஷத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் தானாகப் பழைய உச்சத்துக்கே கொண்டுபோய்விடும். நாம் வைத்த எதுவும் அதில் நிற்காது. நிறுத்திவிட்டுப் போட்டாலும் அதே கதைதான்.

வீட்டில் மாட்டும் டிவிக்கு வீடு என்றுதான் கொடுக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நான் கடை என்று கொடுப்பேன்.

ஏன் என்றால், வீடு என்று கொடுத்த முதல் நிமிஷமே வாங்கினவர் முகம் மாறிவிடும். "கடையில பாத்தப்ப பளிச்சுன்னு இருந்துச்சே, இது டல்லடிக்குதே, வேற பீஸ மாத்திக் குடுத்துட்டானா?" என்று கேட்பார். விளக்கிச் சொன்னால் கேட்கமாட்டார். கடைக்குப் போன் போடுவார். வேலை முடிந்ததற்கு அவர் போனுக்கு வரும் நாலு இலக்க எண்ணைச் சொல்லமாட்டார். அந்த எண் இல்லாமல் என் வேலை முடிந்ததாகக் கணக்கில் ஏறாது, அடுத்த வீட்டுக்கும் போக முடியாது. இப்படி மூன்று பேரிடம் பட்ட பிறகு எனக்கு அறிவு வந்தது. அப்படித்தான் அப்போது நினைத்தேன். கடை என்று கொடுத்து, திரையின் கீழே ஓடும் விளம்பரப் பட்டையையும் சும்மா இருக்கும்போது ஓடும் டெமோ படத்தையும் மட்டும் மெனுவில் போய் நிறுத்திவிட்டால் போதும். பார்க்க வீட்டு டிவிதான், வெளிச்சம் கடை வெளிச்சம். வாங்கினவர் வாயைப் பிளப்பார். எண்ணைச் சொல்லுவார். பத்தில் ஒன்பது பேர் படத்தின் செட்டிங் பக்கமே போகமாட்டார்கள். போகிற ஒருவரைப் போனிலேயே சமாளித்துவிடலாம்.

மாரியப்பன் வீட்டில் அன்றைக்கு எனக்குச் சாக்கும் கிடைத்தது. அவர் கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில் உட்கார்ந்து நான் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். தீர்த்தம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

"கடையில பாத்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கோணும் தம்பி," என்றார் அவர்.

"அப்படியே இருக்குங்க சார்," என்றேன்.

படம் வந்தது. பச்சை மைதானம், சிவப்புச் சட்டை, எல்லாம் சுவரை விட்டு வெளியே குதிப்பது போல வந்து நின்றது. அவர் எழுந்து கிட்டே வந்து பார்த்தார். பிறகு, "ஏ தீர்த்தா, வந்து பாரு, அந்தப் பையன் காதுல கடுக்கன் போட்டிருக்கறது கூடத் தெரியுது," என்று கூப்பிட்டார். எண்ணைத் தீர்த்தம்மாள் போனைப் பார்த்துச் சொன்னார். நான் அடுத்த வீட்டுக்குக் கிளம்பினேன். அன்றைக்கு எனக்கு ஐந்து வீடு.

இரண்டு வாரம் கழித்து அவர் பெயரில் புகார் வந்தது. வெளிச்சம் அதிகம், குறைத்து வைத்தால் நிற்பதில்லை என்று ஒரு வரி. படித்ததுமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இதை நான் மறைக்கப்போவதில்லை. ஒரு நொடி கூடச் சந்தேகம் இல்லை.

போன் போட்டேன். பெயர் சொல்லவில்லை. "சர்வீஸ் சென்டர்ல இருந்து பேசறேன் சார்," என்று மட்டும் சொன்னேன்.

"தம்பி, வெளிச்சத்த இருபதுல வெக்கறேனுங்க. செத்த நேரம் கழிச்சுப் பாத்தா நூறுல நிக்குது. அதுவே ஏறிக்குது."

"ரிமோட் மேல யாராச்சும் கை வெக்கறாங்களா சார்?"

"வூட்ல நாங்க ரெண்டே பேரு. ரிமோட்டு என் மடியிலயே கெடக்குது."

அந்த நேரத்தில் நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். செட்டிங்கில் எங்கே போக வேண்டும், என்ன ரகசிய எண் கேட்கும், எதை மாற்ற வேண்டும் என்று சொல்ல மூன்று நிமிஷம் ஆகும். சொன்னால், "இத யாரு இப்படி வெச்சது?" என்று கேட்பார். அது ஆபீஸுக்குப் போனால் மாட்டினவன் தப்பு என்று பதிவாகும். மொரப்பூருக்குத் திரும்பப் போகவும் எனக்கு மனமில்லை, அன்றைக்கு நல்ல வெயில். "பிளக்கப் புடுங்கிட்டு பத்து நிமிஷம் கழிச்சுப் போடுங்க சார், சரியாயிடும்," என்று சொல்லிப் புகாரை மூடினேன். சரியாகாது என்று தெரிந்தே சொன்னேன்.

அடுத்த மாதம் மறுபடி புகார். மறுபடி நான்தான் பேசினேன்.

"போட்டதும் கண்ணுல குத்துது தம்பி. கூசுது. தண்ணியா வடியுது. ரோட்டுல, காட்டுல எல்லாம் நல்லாத்தான் தெரியுது. இந்த டிவி மட்டும்தான் இப்படி. நான் நேரத்த எழுதியே வெச்சிருக்கறேன், நாலு பத்துக்கு இருபது, நாலு பதினஞ்சுக்கு நூறு..."

எழுதி வைத்திருக்கிறேன் என்றதும் எனக்கு எரிச்சலாக வந்தது. தன்னிடம் தப்பை வைத்துக்கொண்டிருப்பவனுக்கு வரும் எரிச்சல் அது, வேறொன்றும் இல்லை.

"அது புது டிவில இருக்கற வசதி சார். ரூம் வெளிச்சத்துக்குத் தக்க அதுவே ஏத்தி எறக்கும்."

"ஏத்துது, எறக்கவே இல்லையே தம்பி."

அப்போது அந்தக் கறுப்புக் கண்ணாடி எனக்கு ஞாபகம் வந்தது.

"சார், நீங்க கண் ஆபரேஷன் பண்ணியிருக்கீங்களா?"

"ஆமா தம்பி. வலது கண்ணு. உனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டேன் சார், வயசானவங்க நெறையப் பேரு பண்ணியிருப்பாங்கல்ல. அதாங்க காரணம். லென்ஸ் வெச்ச கண்ணுக்கு டிவி வெளிச்சம் அப்படித்தான் இருக்கும். டிவி மேல குத்தம் இல்ல."

 அந்தப் பக்கம் மாடு கத்தியது.

"டாக்டரு கண்ணு நல்லா இருக்குதுன்னு சொன்னாரே தம்பி."

"ஆபரேஷன் பண்ணுன டாக்டரு வேற என்ன சார் சொல்லுவாரு?"

இந்த ஒரு வரிதான். இதை நான் யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது. போனை வைத்து, புகாரை மூடி, 'வாடிக்கையாளருக்கு விளக்கப்பட்டது' என்று பதிவு செய்தேன். பிறகு நாலுரோட்டில் நின்று டீ குடித்தேன். அந்தப் புகார் என் நினைவை விட்டே போய்விட்டது.

அடுத்து அந்த வீட்டுப் பெயர் எனக்கு வந்தது தை மாதம். இந்த முறை புகார் கொடுத்தவள் மகள் கலைமதி. பொங்கலுக்கு வந்தவள் டிவி முன்னால் உட்கார்ந்து, வெளிச்சத்தை இருபதில் வைத்து, மெனுவைத் திறந்தபடியே போனில் படம் பிடித்திருக்கிறாள். ஐந்தாவது நிமிஷத்தில் யாரும் தொடாமல் இருபது நூறாக மாறுகிறது. அதைக் கம்பெனிக்கே நேராக அனுப்பிவிட்டாள். ஆபீஸில் மேனேஜர் அந்தப் படத்தை எனக்குக் காட்டி, "போய்ப் பார்த்து, போட்டோ எடுத்து அனுப்புங்க, போன்ல முடிக்காதீங்க," என்றார்.

போனேன். வேப்பமரத்தடியில் பைக்கை நிறுத்தியதும் தீர்த்தம்மாள் கொட்டகையிலிருந்து சாணிக் கையோடு வந்தார்.

"டிவிக்காரத் தம்பிதானே? மாட்டிட்டுப் போன தம்பி. உள்ள வாங்க. மொல்ல வாங்க, அவரு இப்பத்தான் கண்ணசந்தாரு," என்றார்.

கலைமதி லீவு முடிந்து போய்விட்டிருந்தாள். உள்ளே டிவி மேல் ஒரு பழைய கைலியைப் போட்டு மூடியிருந்தது. கட்டிலில் மாரியப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"பாக்கறதே இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"எங்க பாக்கறாரு. போட்டா ஆவாது. துணியப் போட்டு மூடிட்டாரு. நான் எப்பவாச்சும் சீரியல் பாப்பேன், அதுவும் ஓரமா உக்காந்து. எனக்கும் குத்தத்தான் குத்துது, புது டிவின்னா அப்படித்தான் போலன்னு இருந்துட்டேன்." குரலைத் தணித்துக்கொண்டு தொடர்ந்தார். "இன்னொரு கண்ணும் போயிடுச்சுங்க தம்பி."

எனக்குப் புரியவில்லை என்று சொல்ல ஆசை. புரிந்தது.

தீர்த்தம்மாள் சொல்லச் சொல்ல நான் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் தேடுவது போலக் குனிந்தே இருந்தேன். இரண்டு மாதத்தில் வரச் சொன்ன இடது கண் ஆபரேஷனுக்கு அவர் போகவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை போன் வந்ததாம். மகள் அழுது பார்த்தாளாம். "செஞ்ச கண்ணே சரியில்ல, செய்யாத கண்ணையும் குடுத்துக் கெடுத்துக்கச் சொல்றயா?" என்று கேட்டாராம். வலது கண்ணைத் திரும்பக் காட்டியபோது டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, கண் அருமையாக இருக்கிறது என்றாராம். வெளியே வந்து இவர், "அவரு வேற என்ன சொல்லுவாரு?" என்று சொல்லிவிட்டாராம்.

அது என் வாக்கியம். எழுத்துக்கு எழுத்து என்னுடையது.

"ஐப்பசில ஒரு நாளு கண்ணு செவந்து போச்சு. மண்டையைப் பொளக்கற வலி, வாந்தி வேற. இங்கயே ஊசி போட்டாங்க, மெடிக்கல்ல மருந்து வாங்கி ஊத்துனோம். நாலு நாளு அப்படியே போச்சு. அதுக்கப்பறந்தான் தர்மபுரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனோம். புரை ரொம்ப முத்தி, உள்ள பிரசர் ஏறி, நரம்பு செத்துப் போச்சுன்னு சொல்லிட்டாங்க. ஆபரேஷன் பண்ணி வலிய நிறுத்துனாங்க. பார்வை வரல," என்றார் தீர்த்தம்மாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு மாசத்துல போயிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதாமுங்க," என்றார்.

ஜன்னல் மேடையில் ஒரு நோட்டு இருந்தது. கண்டக்டர்கள் ட்ரிப் எழுதுவது போலக் கோடு போட்டு, தேதி, நேரம், வைத்த வெளிச்சம், மாறிய வெளிச்சம் என்று நாலு கட்டம். கையெழுத்து அச்சடித்தது போல இருந்தது. 4.10 இருபது. 4.15 நூறு. 4.20 இருபது. 4.25 நூறு. ஆப் செய்து போட்டது, நூறு. பிளக்கைப் பிடுங்கிப் போட்டது, நூறு. பதினேழு நாள் எழுதியிருந்தார். எந்த இன்ஜினியரும் இவ்வளவு சுத்தமாக ஒரு கோளாறை எழுதித் தந்து நான் பார்த்ததில்லை. இதைப் படிக்கிற எவனுக்கும் அது கடை முறை என்று தெரிந்துவிடும். பதினேழாம் நாளுக்குக் கீழே ஒரே வரி: 'மெக்கானிக் தம்பி சொன்னார். கண்ணு.' அதற்குப் பிறகு பக்கங்கள் வெறுமையாக இருந்தன.

கைலியை எடுத்து மடித்துவிட்டு டிவியைப் போட்டேன். அந்த அறை முழுவதும் வெள்ளையாகிப் போனது. எத்தனையோ வீட்டில் நானே கொடுத்துவிட்டு வந்த வெளிச்சம்தான், ஆனால் மாட்டிவிட்டுக் கிளம்புகிறவன் அதற்கு எதிரே உட்கார்ந்து பார்ப்பதில்லை. எனக்கே கண் கூசியது.

செட்டிங்குக்குள் போனேன். பொது, சிஸ்டம் நிர்வாகம், பயன்படுத்தும் முறை. ரகசிய எண் கேட்டது, நாலு பூஜ்யம் அடித்தேன். கடை என்பதில் இருந்த புள்ளியை வீடு என்பதற்கு மாற்றினேன். டிவி ஒரு முறை அணைந்து எழுந்தது. படம் தணிந்து, சாதாரணமாக வந்தது. வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் குறைத்து வைத்தேன். ஆக மொத்தம் இரண்டு நிமிஷம் கூட இல்லை.

"அடியாத்தே," என்றார் தீர்த்தம்மாள். "கண்ணுக்கு எதமா இருக்குதே."

கட்டில் கிறீச்சிட்டது. மாரியப்பன் எழுந்து உட்கார்ந்திருந்தார். எப்போதிலிருந்து விழித்திருந்தார் என்று தெரியவில்லை. ஆள் பாதியாக இளைத்திருந்தார். இடது கண் பாதி மூடி, வெளுத்திருந்தது. வலது கண்ணால் திரையைப் பார்த்தார். ஏதோ பழைய கபடி ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். ஐந்து நிமிஷம் ஆகும் வரைக்கும் காத்திருக்கிறார் என்பது எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. நானும் நின்றேன். ஐந்து ஆனது. பத்து ஆனது. படம் அப்படியே இருந்தது.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருந்திருக்குது," என்றார்.

அவர் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. கேள்வியாகவும் சொல்லவில்லை. தீர்த்தம்மாள் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

"என்னாதான் ஆயிருந்துச்சு தம்பி இதுக்கு?"

"அது... கடையில ஓடற மாதிரி ஒரு செட்டிங்குங்க சார். அதுல இருந்தா நம்ம வெக்கறது நிக்காது."

"வூட்டுக்கு வந்த டிவிக்கு அது எப்படி வந்துச்சு?"

இங்கே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. அவர் என்னை அடித்திருக்கமாட்டார். வேலை போயிருக்கும், போனால் போகட்டும் என்று இருந்திருக்கலாம். இதை எழுதும்போது சுலபமாக இருக்கிறது.

"சாப்ட்வேர் அப்டேட் வந்தப்ப மாறியிருக்கும் சார்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பிறகு கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

"போன்ல ஒரு தம்பி பேசுச்சு. கண்ணுதான் காரணம்னு சொல்லுச்சு. அது யாரு?"

"அது வேற ஆளுங்க சார். வேலைய விட்டுப் போயிட்டாரு."

அவர் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து அந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார். அவசரமே இல்லாமல் பார்த்தார். லென்ஸ் வைத்த கண், டாக்டர் அருமையாக இருக்கிறது என்று சொன்ன கண். நான் டிவியைப் பார்த்தேன், அப்புறம் ஜன்னலைப் பார்த்தேன், அந்த நோட்டைப் பார்த்தேன்.

அவர் உள்ளங்கையை நீட்டினார்.

ரிமோட் கேட்கிறாரோ என்று கொடுத்தேன். வாங்கிக் கட்டிலில் வைத்துவிட்டு மறுபடி கையை நீட்டினார்.  வெளியே மாடு கத்தியது, அடுப்படியில் ஒரு பாத்திரம் உருண்டது, திரையில் யாரோ யாரையோ மடக்கிப் பிடித்ததற்குக் கூட்டம் கத்தியது. கை அப்படியே இருந்தது. அந்த ரூட்டில் எத்தனை பேர் அந்தக் கைக்கு முன்னால் பாக்கெட்டுக்குள் கையை விட்டிருப்பார்கள். என்னால் முடியவில்லை. 

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. கடைசியில் அவரே கையை இறக்கிக்கொண்டார். அவர் கணக்கில் தப்பு செய்த ஒருவன் அந்தக் கைக்கு ஒன்றும் வைக்காமல் இறங்கிப் போனது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

தணிந்த படத்தைப் போட்டோ எடுத்து, வேலை முடிந்தது என்று ஆபீஸுக்கு அனுப்பினேன். மேஜை மேல் இருந்த போனில் டிங் என்று சத்தம் வந்தது. வேலை முடிந்ததற்கான எண். "அம்மாவக் கூப்புடட்டுங்களா சார், படிக்கறதுக்கு?" என்று கேட்டேன்.

"வேண்டாம். எனக்குத் தெரியும்," என்று அவரே போனை எடுத்தார். கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்தார்.

"நாலு. ஏழு. ஏழு. ஒண்ணு." நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "சரியாப் படிச்சனா தம்பி?"

"சரிங்க சார்," என்றேன்.

"அடுத்து நட்சத்திரம் கேக்குது. எத்தன போடட்டும்?"

நான் பையை மூடிக்கொண்டிருந்தேன்.  அவர் விரலால் ஐந்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டார், கட்டிலில் போய் உட்கார்ந்தார், தணிந்த வெளிச்சத்தில் கபடியைப் பார்க்க ஆரம்பித்தார். நான் கிளம்புகிறேன் என்று சொன்னேன். அவர் திரும்பவில்லை.